ரெஸ்யூமேயில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பதில்: பாயான் லெப்பாஸ் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி

ஹெச்.ஆரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டதென்றால் உங்கள் ரெஸ்யூமே பாதி வேலையை முடித்துவிட்டது. இதுவரை அதைப் பார்த்தவர்கள், விளம்பரத்தில் கேட்ட சொற்கள் உங்கள் தாளில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள். இனி அதைக் கையில் எடுப்பவர் வேறு ஆள். அதே வேலையைப் பல வருடம் செய்த இன்ஜினியர். பேனாவோடு உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று சொற்களுக்குக் கீழே கோடு போட்டு வைத்திருப்பார். பெரும்பாலும் அந்தக் கோடுகளிலிருந்துதான் கேள்விகள் வரும்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் 1972இல் சுதந்திர வர்த்தக மண்டலமாகத் தொடங்கியது. இன்றைக்கு அங்கே செமிகண்டக்டரும் மருத்துவக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. பாலிடெக்னிக்கோ பல்கலைக்கழகமோ முடித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிக்கும் வேலைகளில் ஒன்று, தரப் பிரிவில் உதவி இன்ஜினியர். நான் அந்தப் பிரிவில் இருப்பவன், நேர்காணல் குழுவில் உட்காருபவன். அதனால் இந்தக் கட்டுரையை அந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ரெஸ்யூமேயை வைத்துக்கொள்வோம். பலருடைய தாள்களில் பார்த்ததைக் கலந்து நானே உருவாக்கியது. டிப்ளோமா முடித்த ஒரு தம்பி, பிறையில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி செய்திருக்கிறார். திறன்கள் என்ற தலைப்பின் கீழே நான்கு வரிகள்: மினிடேப், எக்செல் கொண்டு எஸ்பிசி மற்றும் சிபிகே பகுப்பாய்வு. கேஜ் ஆர் அண்ட் ஆர். 8டி முறையில் சிக்கல் தீர்த்து ரிஜெக்ட்டை 40% குறைத்தது. மாண்டரின், பேசும் அளவுக்கு. எஸ்பிசி என்பது உற்பத்தி அளவுகளைப் புள்ளியியல் வழியாகக் கண்காணிப்பது, மினிடேப் அதற்கான மென்பொருள். கேஜ் ஆர் அண்ட் ஆர் என்பது அளக்கும் கருவியாலும் அளக்கும் ஆளாலும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பார்க்கும் சோதனை, 8டி என்பது எட்டுப் படிகளில் சிக்கல் தீர்க்கும் முறை. சிபிகே பற்றிப் பின்னால் விரிவாக வரும்.

எந்தப் பிரதியை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள்?

முதல் வேலை, அனுப்பிய பிரதியைத் தேடி எடுப்பது. சிரிக்க வேண்டாம். ஒரே மாதத்தில் இருபது இடத்துக்கு அனுப்பியவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லை மாற்றியிருப்பார். ஜாப்ஸ்ட்ரீட்டில் உள்ள சுயவிவரமும் நீங்கள் ஏற்றிய பிடிஎஃப்பும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. என்றோ ஒரு நாள் அந்தச் சுயவிவரத்தில் தட்டிவிட்ட திறன் இன்னும் அங்கேயே இருக்கும். இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேலை விளம்பரத்தையும் அச்சடியுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் சில நாளில் இல்லாமல் போய்விடலாம்.

அப்புறம் ஒவ்வொரு திறன் சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு குறி. என் கையால் செய்தது, பக்கத்தில் நின்று பார்த்தது அல்லது உதவியது, பாடத்தில் படித்தது மட்டும். மூன்றே வகை. விளம்பரத்தில் இருந்த சொல்லை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அதற்கு ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சொற்களைத்தான் குழுவில் உள்ளவர் முதலில் தொடுவார், ஏனென்றால் அந்த விளம்பரத்துக்கான தேவையை எழுதிக் கொடுத்ததே அவராக இருக்கலாம்.

நேர்காணலுக்கு நான்கைந்து நாள்தான் இருக்கும். எல்லா வரியையும் ஒரே அளவுக்குத் தோண்ட முடியாது. விளம்பரத்திலும் இருக்கிறது, உங்கள் கையாலும் செய்தது என்ற வரி எதுவோ அதற்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள். நம் தம்பிக்கு அது சிபிகே.

ஒரு வரியை அடிவரை தோண்டுவது

கேள்விகள் மேலிருந்து கீழே இறங்கும். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். மூன்றாவதில்தான் செய்தவருக்கும் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எங்கே உங்கள் தரை முடிகிறது என்பதை நேர்காணலில் அல்ல, வீட்டிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். இதற்கு உண்மையான எண்களோடு ஒரு கணக்கு வேண்டும்.

தம்பி பயிற்சி செய்த இடத்தில் ஒரு கனெக்டர் உறை வார்த்தார்கள் என்று வைப்போம். அதன் நீளம் 12.00 மில்லிமீட்டர், கூடுதல் குறைவு 0.15. அதாவது 11.85இலிருந்து 12.15 வரை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். மணிக்கு ஒருமுறை ஐந்து துண்டு எடுத்து அளந்து, 25 தடவை எழுதியிருக்கிறார். மொத்தம் 125 அளவு. சராசரி 12.06, சிதறல், அதாவது சிக்மா, 0.03.

"சிபிகே என்றால் என்ன?" என்பது முதல் கேள்வி. வாடிக்கையாளர் கொடுத்த எல்லைக்குள் நம் உற்பத்தி எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண். இது புத்தகப் பதில், போதும். அடுத்து ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்பார்கள். மினிடேப்பில் பட்டனை மட்டும் அழுத்தியவர் இங்கேயே நின்றுவிடுவார். கையால் போடுவது இவ்வளவுதான்:

```
Cp  = (12.15 - 11.85) / (6 x 0.03) = 1.67
Cpk = (12.15 - 12.06) / (3 x 0.03) = 1.00
```

சிபி, எல்லையின் அகலத்தைச் சிதறலோடு மட்டும் ஒப்பிடும், சராசரி எங்கே இருக்கிறது என்று பார்க்காது. சிபிகேவுக்கு இரண்டு பக்கமும் பார்த்து, சிறியதை எடுக்க வேண்டும். இங்கே சராசரி மேல்பக்கம் சாய்ந்திருப்பதால் மேல் எல்லைதான் கணக்கு. கீழ்ப்பக்கம் 2.33 வரும், அது நமக்கு வேண்டாம்.

கணக்கு சரி. இப்போது மூன்றாவது கேள்வி: "சிபி 1.67, சிபிகே 1.00. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?" இதற்குப் பதில், சிதறல் நன்றாக இருக்கிறது, மையம்தான் விலகியிருக்கிறது என்பது. மெஷினை மாற்ற வேண்டாம், அச்சை மாற்ற வேண்டாம், சராசரியை 12.00க்கு இறக்கினால் சிபிகேயும் 1.67ஐத் தொடும். வழக்கமாகக் கேட்கப்படும் 1.33ஐத் தாராளமாகத் தாண்டிவிடும். எப்படி இறக்குவது என்று கேட்டால் வார்ப்பைப் பற்றிப் பேச வேண்டும். அழுத்திப் பிடிக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் பிளாஸ்டிக் கூடுதலாகச் சுருங்கும், நீளம் குறையும். ரொம்பக் குறைத்தால் தடித்த இடங்களில் மேற்பரப்பு உள்வாங்கும், மற்ற அளவுகளும் நகரும். ஆகவே ஒரு அளவைத் திருத்திவிட்டு வரைபடத்தில் உள்ள மற்ற முக்கிய அளவுகளையும் மறுபடி அளந்தேன் என்று சொல்பவரைக் கண்டால் எனக்கு உடனே பிடித்துவிடும். இதைப் புத்தகம் வைத்துச் சொல்வது கடினம்.

இதற்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. நான் அடிக்கடி கேட்பது. "உங்கள் கட்டுப்பாட்டு வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் கோடுகளுக்குள் இருந்தது. அப்படியென்றால் ரிஜெக்ட் வராதுதானே?"

தலையாட்டிவிடாதீர்கள். வரைபடத்தில் உள்ள கட்டுப்பாட்டு எல்லை உற்பத்தியிலிருந்தே கணக்கிட்டது. வாடிக்கையாளர் எல்லையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. நம் எடுத்துக்காட்டில் ஐந்து துண்டின் சராசரிக்கு எல்லைகள் ஏறத்தாழ 12.02, 12.10. புள்ளிகள் எல்லாம் அதற்குள்ளேயே ஆடும், வரைபடம் அமைதியாக இருக்கும். ஆனால் வரைபடம் காட்டுவது ஐந்தின் சராசரியை. தனித்தனித் துண்டுகள் 11.97இலிருந்து 12.15 வரை பரவியிருக்கின்றன. மேல் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பரவல் இயல்பு வடிவத்தில் இருந்தால் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 1,350 துண்டு எல்லையைத் தாண்டும். ஆகவே பதில்: உற்பத்தி நிலையாக இருக்கிறது, ஆனால் தகுதியாக இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை உங்கள் சொந்த எண்களை வைத்தே சொல்லிக் காட்டினால், எஸ்பிசி என்ற சொல்லைப் பற்றி அதற்குமேல் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

எக்செல் என்று எழுதியிருந்தால் வரும் பொறி

இது தனியாகச் சொல்ல வேண்டியது. "எக்செல்லில் சிபிகே கணக்கிட்டேன்" என்று எழுதியவரிடம், "சிக்மாவை எந்த ஃபார்முலாவில் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். 125 அளவும் 25 வரிசை, ஐந்து பத்தியாக இருந்தால் அது இப்படி இருக்கும்:

```
=STDEV.S(B2:F26)
```

இதில் வரும் சிக்மா மொத்தச் சிதறல். அதை வைத்துப் போட்டால் கிடைப்பது சிபிகே அல்ல, பிபிகே. சிபிகேவுக்கு ஒவ்வொரு ஐந்துக்குள்ளும் உள்ள சிதறல் வேண்டும். ஒரு வழி, ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, அந்த வித்தியாசங்களின் சராசரியை 2.326ஆல் வகுப்பது. 2.326 என்பது ஐந்து துண்டுக் குழுவுக்கு உரிய மாறிலி. குழுவின் அளவு மாறினால் அதுவும் மாறும். கீழே G2இல் உள்ள ஃபார்முலாவை G26 வரை இழுத்துவிடுங்கள்.

```
G2:  =MAX(B2:F2)-MIN(B2:F2)
     =AVERAGE(G2:G26)/2.326
```

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். காலை ஷிஃப்டில் சராசரி ஒரு இடத்திலும் இரவு ஷிஃப்டில் வேறு இடத்திலும் இருந்தால், ஒவ்வொரு ஐந்துக்குள்ளும் சிதறல் 0.03தான் இருக்கும். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் 0.04 ஆகிவிடலாம். அப்போது சிபிகே 1.00, பிபிகே 0.75. அந்த இடைவெளியே ஒரு செய்தி: நாள் போகப் போக ஏதோ நகர்கிறது, ஷிஃப்ட் மாற்றத்தையோ மூலப்பொருள் மாற்றத்தையோ போய்ப் பாருங்கள் என்கிறது. இதைச் சொல்லத் தெரிந்த புதியவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மினிடேப் இரண்டு எண்ணையும் ஒரே படத்தில் காட்டும். அது தானாகவே எடுக்கும் சிக்மா, வித்தியாசங்களின் சராசரியிலிருந்து வருவதல்ல, எல்லாக் குழுவின் சிதறலையும் ஒன்றுசேர்த்து எடுப்பது. ஆகவே உங்கள் எக்செல் எண்ணும் அதன் எண்ணும் கொஞ்சம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், காரணத்தைச் சொன்னால் போதும். குழுவின் அளவு 5 என்று கொடுக்க மறந்து 1 என்று கொடுத்திருந்தால் அது வேறு கதை. அப்போது கணக்கே வேறு முறையில் நடந்திருக்கும்.

ஒரு மாலை ஒதுக்கி, எக்செல்லில் நீங்களே 125 எண் உருவாக்கி, இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். பிறகு கடைசிப் பத்து வரிசைகளோடு 0.04ஐக் கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சிபிகே கணக்கில் வரும் சிதறல் அசையாது, மொத்தச் சிதறல் ஏறும். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. பழைய தொழிற்சாலையின் உண்மையான தரவைக் கொண்டுபோக வேண்டாம். அது அவர்களுடையது. போனில் இருக்கும் படத்தைக் காட்டினால், நாளைக்கு எங்கள் தரவையும் இப்படித்தான் வெளியே காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

"எதைக் கொண்டு அளந்தீர்கள்?"

கேஜ் ஆர் அண்ட் ஆர் என்ற வரியும் சிபிகே வரியும் இங்கே சந்திக்கும். 0.03 சிதறல் என்றீர்களே, அதில் எவ்வளவு துண்டுடையது, எவ்வளவு அளக்கும் கருவியுடையது? சாதாரண டிஜிட்டல் காலிப்பர் 0.01 வரை காட்டும். ஆனால் அதன் துல்லியம் பெரும்பாலும் கூடுதல் குறைவு 0.02 என்றுதான் கருவியோடு வரும் தாளில் இருக்கும். திரையில் தெரிகிற எண்ணும் உண்மையான அளவும் ஒன்றல்ல.

இந்த வரியைப் போட்ட பலர் செய்தது இதுதான்: பத்துத் துண்டு, மூன்று ஆள், இரண்டு அல்லது மூன்று சுற்று அளந்து, எண்ணை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதுவும் வேலைதான், குறைவில்லை. ஆனால் முடிவை எப்படிப் படிப்பது என்று கேட்கும்போது, "10%க்குக் கீழே நல்லது, 30%க்கு மேலே கூடாது, இடையில் இருந்தால் நிலைமையைப் பொறுத்தது" என்று ஒப்பிப்பார்கள். சரியான பதில்தான். அடுத்த கேள்வி: "எதில் 10%?"

கருவியின் சிதறல் 0.01 என்று வைப்போம். மொத்தச் சிதறலான 0.03இல் அது 33%. கருவி கூடாது. அதே கருவியை வாடிக்கையாளர் கொடுத்த 0.30 அகலத்தோடு ஒப்பிட்டால், ஆறு மடங்கு 0.01 என்பது 0.06, அதாவது 20%. இடைப்பட்டது. ஒரே கருவிக்கு இரண்டு தீர்ப்பு. நல்லது கெட்டது பிரித்து அனுப்பும் வேலைக்கு இரண்டாவது எண் முக்கியம். உற்பத்தி நகர்கிறதா என்று வரைபடம் போட்டுப் பார்க்கும் வேலைக்கு முதல் எண்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு மலிவான டிஜிட்டல் காலிப்பர், பத்து 20 சென் நாணயம், வீட்டில் இரண்டு ஆள். நாணயங்களுக்கு மார்க்கரால் எண் போடுங்கள், அளப்பவருக்கு எண் தெரியாதபடி கலைத்துக் கொடுங்கள், முந்திய அளவைக் காட்டாதீர்கள். மூன்று பேரும் தடிமனை இரண்டு சுற்று அளங்கள். நாணயங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருக்கமாக இருப்பதால், மொத்தச் சிதறலோடு ஒப்பிட்ட எண் பெரும்பாலும் 30%ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். காலிப்பர் கெட்டுப்போய்விட்டது என்று பொருள் இல்லை. இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க அந்தக் கருவிக்கு முடியாது, அவ்வளவுதான். நேர்காணலில் "தொழிற்சாலையில் உதவி மட்டும் செய்தேன், பிறகு வீட்டில் நாணயத்தை வைத்துச் செய்து பார்த்தேன், இப்படி வந்தது" என்று சொல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தது என்ற குறி, கையால் செய்தது என்று மாறிவிடும். அம்மாவை அளக்க வைத்தால் அவர் காலிப்பரை இறுக்கிப் பிடிப்பார், தம்பி தளர்த்திப் பிடிப்பார். ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

40% எங்கிருந்து வந்தது?

எண் உள்ள வரிதான் ரெஸ்யூமேயில் கண்ணைக் கவரும். சந்தேகமும் அங்கேதான் முதலில் எழும். 40% என்று எழுதியிருந்தால் நான்கு விஷயம் கையில் இருக்க வேண்டும்: எத்தனையிலிருந்து எத்தனை, மொத்தம் எத்தனையில், எத்தனை நாளில், யார் எண்ணியது. மாதம் 40,000 துண்டு, ரிஜெக்ட் 1,000இலிருந்து 600 ஆனது, அதாவது 2.5%இலிருந்து 1.5%. இப்படி இருந்தால் அது ஒரு கதை. ஒரு வாரத்தில் ஐந்து துண்டு மூன்றானதும் 40%தான். அது தற்செயலாகவே நடந்திருக்கலாம். உங்களுடையது இரண்டாவது வகை என்றால், கேட்பதற்கு முன் நீங்களே மூல எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 8டியில் நீங்கள் எந்தப் படியில் இருந்தீர்கள்? பயிற்சி மாணவர் ஒருவர் எட்டுப் படியையும் தனியாக நடத்தியிருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். "நாங்கள், நாங்கள்" என்று தொடர்ந்து சொன்னால் எதிரில் உள்ளவர் பொறுமையாகக் காத்திருந்து, "இதில் நீங்கள்?" என்பார். ஆகவே வாக்கியத்தைப் பிரித்து வையுங்கள். குழு என்ன செய்தது, அதில் என் கை எங்கே பட்டது.

நம் தம்பியின் கதை இப்படி இருக்கலாம். நான்கு குழி உள்ள அச்சு. துண்டின் ஒரு மூலை நிரம்பாமல் வருகிறது. ரிஜெக்ட்டை மொத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். தம்பி இரண்டு வாரம் குழி வாரியாகப் பிரித்து எண்ணினார். அதிகப் பங்கு மூன்றாம் குழியில் என்று தெரிந்தது. மூன்றாம் குழியில் காற்று வெளியேறும் சிறு வழி அடைத்திருந்தது. டெக்னீஷியன் சுத்தம் செய்தார், இன்ஜினியர் பராமரிப்பு அட்டவணையை மாற்றினார். இதில் தம்பியுடையது குழி வாரியாகப் பிரித்து எண்ணியது மட்டும்தான். ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாமல் மற்றது நடந்திருக்காது. சின்ன வேலை, நேர்மையான வேலை, தோண்டத் தோண்ட நிற்கும்.

"அடைப்புதான் காரணம் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?" என்பது அடுத்த கேள்வியாக வரும். சுத்தம் செய்ததும் குறைந்தது என்பது பாதிப் பதில். சுத்தம் செய்யாமல் விட்டபோது அதே குழியில் மறுபடி ஏறியது, மற்ற மூன்று குழியில் மாறவில்லை என்பதுதான் முழுப் பதில். இன்னொன்று, காரணம் இரண்டு கேட்பார்கள்: ஏன் உருவானது, ஏன் பிடிபடாமல் வெளியே போனது. இரண்டாவதைப் பலரும் தயாரிப்பதே இல்லை. மூல காரணம் ஆப்பரேட்டரின் கவனக்குறைவு, தீர்வு மறுபயிற்சி என்று முடித்துவிட்டால், குழுவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பதிலை அவர்கள் சப்ளையர்களிடமிருந்து கேட்டுச் சலித்தவர்கள்.

மாண்டரின் பேசும் அளவுக்கு

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழுவில் ஒருவர் சட்டென்று மாண்டரினுக்கு மாறுவார். சாப்பாடு ஆர்டர் செய்யத் தெரிவதும் "மெஷின் ஏன் நின்றது?" என்று விளக்கத் தெரிவதும் ஒன்றல்ல. பினாங்கில் பிறந்த நம்மவர் பலருக்கு உண்மையில் வருவது ஹொக்கியன், பக்கத்து வீட்டிலும் சந்தையிலும் பழகியது. அப்படியென்றால் ஹொக்கியன் என்றே சொல்லுங்கள். தொழிற்சாலைத் தளத்தில் அதற்கும் மதிப்பு உண்டு.

படித்தது மட்டும் என்று குறித்த வரிகள்

அனுப்பிய ரெஸ்யூமேயைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் திருத்திய பிரதியைக் கொண்டுபோகலாம். உட்கார்ந்ததும், "இரண்டு இடங்களை இன்னும் சரியாக எழுதியிருக்கிறேன்" என்று சொல்லி நீட்டுங்கள். பெரிதாக விளக்க வேண்டாம். கேஜ் ஆர் அண்ட் ஆர் என்பதை "கேஜ் ஆர் அண்ட் ஆர், அளவு எடுப்பதில் உதவி" என்று மாற்றியிருந்தால் போதும்.

பிரதி கொடுக்கவில்லை, கேள்வி வந்துவிட்டது என்றால் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "இதை வகுப்பில்தான் படித்தேன், தளத்தில் செய்ததில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதற்கு மேல் தெரியாது." பிறகு தெரிந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். தெரியாததற்காக ஒரு புதியவரை நாங்கள் ஒதுக்குவது குறைவு. ஒரு வரி பொய் என்று தெரிந்துவிட்டால் மற்ற மூன்று வரியையும் யாரும் நம்பமாட்டார்கள், அதுதான் சிக்கல். நன்றாகத் தெரிந்த சிபிகேவைப் பற்றிப் பேச வாய்ப்பே வராமல் போய்விடும்.

இடைப்பட்ட வகையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இருக்கிற நாளுக்குள் கையால் செய்தது என்ற பக்கம் கொண்டுவரப் பாருங்கள். நாணய வேலை அந்த வகை. நான்கையும் ஒரே வாரத்தில் தூக்கப் பார்த்தால் நான்கும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

வாயால் சொல்லிப் பார்ப்பது

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், இடையிடையே மலாய் வரும். தமிழில் நன்றாகப் புரிந்தவர்கூட, எண்ணை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே காரணத்தையும் விளக்கும்போது திணறுவார். ஆகவே மேலே போட்ட கணக்கை முதலில் தமிழில் யாருக்காவது சொல்லுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில், தாளில் எழுதிக்கொண்டே, சத்தமாகச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கேட்டால் எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று தெரியும். அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை.

நண்பர் ஒருவர் கிடைத்தால் அவருக்கு எஸ்பிசி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று கேள்வியை மட்டும் எழுதிக் கொடுங்கள்: எப்படிச் செய்தாய்? எதைக் கொண்டு அளந்தாய்? அது தப்பாக இருந்திருந்தால் உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ரெஸ்யூமேயின் எந்த வரியிலும் இந்த மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வரிகளை மறுபடி தோண்டுங்கள்.

நேர்காணல் அன்று ஒரு பேனா, வெள்ளைத்தாள், ஃபார்முலா போடும் சாதாரண கால்குலேட்டர் எடுத்துப் போங்கள். கேட்காமலேயே தாளை எடுத்து எழுதிக் காட்டுவதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பாலம் வழியாகவோ ஃபெரியிலோ மறுகரையிலிருந்து வருபவர்கள் நெரிசலை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சிக்மா போட முடியாது.

வெளியே வந்ததும், பஸ்ஸிலோ காரிலோ உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன எண்களையும் உடனே எழுதி வையுங்கள். இரண்டாவது சுற்றுக்கு மேலாளர் அழைத்தால், முதல் குழு எழுதி வைத்த குறிப்பு அவர் கையில் இருக்கும். அங்கே 1,000இலிருந்து 600 என்று சொல்லிவிட்டு இங்கே 800இலிருந்து 500 என்று சொன்னால், முதல் தடவை நன்றாகச் சொன்ன பதிலும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும். முதல் சுற்றில் தெரியாது என்று சொன்ன கேள்வியையும் அவர் மறுபடி கேட்கக்கூடும், இடையில் போய்ப் படித்தீர்களா என்று பார்க்க. அன்று இரவே அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.